140 எதற்கு, 120 எதற்கு?

மகப்பேறு செவிலியம் தேர்வில் கர்ப்பகாலச் சர்க்கரை பற்றி ஒரு கேள்வி இல்லாமல் இருக்காது. விடைத்தாள்களைத் திருத்தும்போது நான் முதலில் தேடுவது இரண்டே எண்களை. 140, 120. பெரும்பாலான பிள்ளைகள் இரண்டையும் எழுதிவிடுகிறார்கள். எந்த எண் எந்த இடத்தில் வரும் என்பதில்தான் கை நடுங்குகிறது. "உணவுக்கட்டுப்பாட்டுக்குப் பின் 140-க்குக் கீழ் இருந்தால் போதும்" என்று எழுதினால் மதிப்பெண் போகும். வார்டில் அப்படியே நடந்தால் போவது மதிப்பெண் மட்டுமல்ல.

அதனால் இந்தப் பதிவில் ஒரே ஒரு பெண்ணைப் பின்தொடர்ந்து போவோம். பாடத்துக்காக நான் உருவாக்கிய பெண். ஆனால் அவள் சாப்பாடு, அவள் வீடு, அவளுக்கு வரும் எண்கள் எல்லாம் நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் தினமும் பார்ப்பவைதான். வயது 26, இரண்டாவது கர்ப்பம். முதல் குழந்தை பிறந்தபோது 3.8 கிலோ. "எங்க பேரன் நல்லா கொழுகொழுன்னு பொறந்தான்" என்று மாமியார் பெருமையாகச் சொல்வார். கேஸ் ஷீட்டில் நீங்கள் அடிக்கோடிட வேண்டிய முதல் வரி அதுதான்.

அவள் 11-வது வாரத்தில் பதிவுக்கு வருகிறாள். அன்றைக்கே குளுக்கோஸ் பரிசோதனை. இந்தியாவில் இந்தச் சோதனை எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் உண்டு. பருமன், குடும்பத்தில் சர்க்கரை என்று தேர்ந்தெடுத்துச் செய்வதில்லை. நம் இனத்துக்கே ஆபத்து அதிகம் என்பதால் சலித்தெடுக்க முடியாது. முறை எளிமையானது: 75 கிராம் குளுக்கோஸ், சுமார் 300 மில்லி தண்ணீர், 5 முதல் 10 நிமிடத்துக்குள் குடித்து முடிக்க வேண்டும். இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு ரத்தச் சோதனை. 140 மி.கி. அல்லது அதற்கு மேல் என்றால் கர்ப்பகாலச் சர்க்கரை. வெறும் வயிற்றில் வர வேண்டியதில்லை. எப்போது சாப்பிட்டிருந்தாலும் செய்யலாம்.

இந்த ஒற்றைச் சோதனை முறை நம்மூரிலிருந்து வந்தது. சென்னையைச் சேர்ந்த டாக்டர் வி. சேஷையாவும் அவரோடு இருந்த 'டிப்ஸி' ஆய்வுக் குழுவும் முன்வைத்தது. பஸ் பிடித்து வரும் ஒரு கர்ப்பிணியை "நாளைக்கு வெறும் வயிற்றோடு வாம்மா" என்று திருப்பி அனுப்பினால் பாதிப் பேர் திரும்ப வரமாட்டார்கள் என்ற நடைமுறை உண்மைதான் இதன் அடிப்படை. இதற்கு ஒரு விலையும் உண்டு. வெறும் வயிற்றுச் சர்க்கரை மட்டும் கூடியிருக்கும் பெண் இந்தச் சோதனையில் தப்பிவிடலாம். உலக சுகாதார நிறுவனம் 2013-ல் ஏற்றுக்கொண்ட முறையில் மூன்று அளவுகள்: வெறும் வயிற்றில் 92, ஒரு மணி நேரத்தில் 180, இரண்டு மணி நேரத்தில் 153. இதில் ஒன்று தொட்டாலும் நோய்தான். கேள்வியில் "தேசிய வழிகாட்டுதலின்படி" என்று இருந்தால் 140. "உலக சுகாதார நிறுவனத்தின்படி" என்று இருந்தால் இந்த மூன்று. இரண்டையும் குழப்பி ஒரு கலவைச் சாதம் செய்துவிடாதீர்கள்.

குடித்த குளுக்கோஸை வாந்தி எடுத்தால் என்ன செய்வது என்று எம்சிக்யூவில் கேட்பார்கள். முப்பது நிமிடத்துக்குள் வாந்தி என்றால் அன்றைய சோதனை போயிற்று, மறுநாள் மீண்டும். முப்பது நிமிடம் தாண்டிவிட்டால் தொடரலாம். அந்த இரண்டு மணி நேரமும் அவள் உட்கார்ந்தே இருக்க வேண்டும். பக்கத்துக் கடைக்குப் போய் வடை சாப்பிட்டு வந்தால் எண்ணுக்கு அர்த்தமில்லை.

நம் பெண்ணுக்கு 11-வது வாரத்தில் 112 வருகிறது. அவளுக்கு நிம்மதி. நீங்கள் நிம்மதி அடையக் கூடாது. 24 முதல் 28 வாரத்துக்குள் மறுபடியும் இதே சோதனை உண்டு. ஏன் இரண்டாவது முறை? நஞ்சு வளர வளர அதிலிருந்து சுரக்கும் ஹார்மோன்கள், முக்கியமாக லாக்டோஜென், தாயின் இன்சுலினை எதிர்த்து நிற்கின்றன. தாய் சாப்பிட்ட சர்க்கரை அவள் தசைக்குள் போகாமல் கொஞ்ச நேரம் ரத்தத்தில் நின்றால்தான் குழந்தைக்குக் கிடைக்கும். அது இயற்கையின் ஏற்பாடு. கணையம் அந்த எதிர்ப்புக்கு ஈடுகொடுத்துக் கூடுதலாக இன்சுலின் சுரந்தால் பிரச்சினை இல்லை. ஈடுகொடுக்க முடியாத கணையம் 24-வது வாரத்துக்கு மேல்தான் தன் குறையைக் காட்டும். 11-வது வாரத்தில் நஞ்சு சின்னது. அப்போதைய 112 அப்போதைக்கு மட்டும்தான் உண்மை.

26-வது வாரத்தில் அவளுக்கு 154. நோய் உறுதி. இனி இந்தக் கர்ப்பத்தில் அவளுக்கு 75 கிராம் குளுக்கோஸ் மறுபடி கொடுப்பதில்லை. இதைத் தனியாக எழுதிவைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் குழப்பம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. 140 என்பது குளுக்கோஸ் தண்ணீர் குடித்தபின் பார்ப்பது, "நோய் இருக்கிறதா" என்ற கேள்விக்கு. 120 என்பது அவள் தன் வழக்கமான சாப்பாட்டைச் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்ப்பது, "கட்டுப்பாட்டில் இருக்கிறதா" என்ற கேள்விக்கு. கேள்வி வேறு, குடித்ததும் சாப்பிட்டதும் வேறு, எண்ணும் வேறு.

அடுத்த இரண்டு வாரம் உணவும் நடையும்தான் மருந்து. உணவுப் போதனை என்றதும் பலர் சுவரில் ஒட்டியிருக்கும் சார்ட்டைப் பார்த்து ஒப்பிக்கிறார்கள். "இனிப்பு சாப்பிடக் கூடாது, கிழங்கு சாப்பிடக் கூடாது, அரிசி குறைக்கணும்." அந்தப் பெண் தலையாட்டிவிட்டுப் போவாள். என்னைக் கேட்டால் போதனை "நேற்று காலை எழுந்ததிலிருந்து என்னம்மா சாப்பிட்ட?" என்ற கேள்வியில் தொடங்க வேண்டும். அளவையும் நேரத்தையும் அவள் வாயாலேயே சொல்ல வைக்க வேண்டும்.

அவள் சொல்வது இது. ஆறரைக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரையோடு காபி. ஒன்பது மணிக்கு ஐந்து இட்லி, சட்னி. பதினோரு மணிக்கு மாதுளை ஜூஸ், "ரத்தம் ஊறும்னு அம்மா சொன்னாங்க சிஸ்டர்." ஒன்றரைக்குச் சோறு, சாம்பார், உருளைக்கிழங்கு வறுவல். நான்கு மணிக்கு டீ, நாலு பிஸ்கட். ராத்திரி எட்டரைக்கு மூன்று தோசை. படுக்கும்போது பாலில் பேரீச்சை போட்டு.

எங்கே கைவைப்பது? முதலில் காலை. விடியற்காலையில் கார்டிசால் போன்ற ஹார்மோன்கள் உச்சத்தில் இருப்பதால் இன்சுலினுக்கான எதிர்ப்பும் காலையில்தான் அதிகம். அதே ஐந்து இட்லியை ராத்திரி சாப்பிட்டால் ஏறுவதைவிடக் காலையில் அதிகம் ஏறலாம். அதனால் காலை மாவுச்சத்து மற்ற வேளைகளைவிடக் குறைவாக இருக்க வேண்டும். ஐந்து இட்லியை மூன்றாக்குங்கள். குறைத்த இடத்தை வெறுமையாக விடாதீர்கள். காய் நிறையப் போட்ட கெட்டிச் சாம்பாரும் ஒரு அவித்த முட்டையும் வரட்டும். முட்டை சாப்பிடாதவள் என்றால் பச்சைப்பயறு சுண்டல். புரதமும் நார்ச்சத்தும் சேர்ந்தால் அதே மாவுச்சத்து மெதுவாகத்தான் ரத்தத்தில் ஏறும்.

ஜூஸை நிறுத்தி, பதினோரு மணிக்கு ஒரு கொய்யா. பழத்தை மென்று தின்பதற்கும் பிழிந்து குடிப்பதற்கும் வித்தியாசத்தை விளக்கினால் புரிந்துகொள்வார்கள். ஒரு டம்ளர் ஜூஸில் இரண்டு மூன்று பழத்தின் சர்க்கரை, நார் எல்லாம் வடிகட்டியில். மதியம் சோறு ஒரு கப், அதைவிடக் கூடுதலாகக் கீரையும் பொரியலும், கூடவே பருப்போ மீனோ. உருளைக்கிழங்கு காய் அல்ல. அது சோற்றின் கணக்கில் வரும். மரவள்ளியும் அப்படியே. மாலையில் பிஸ்கட்டுக்குப் பதில் ஒரு கைப்பிடி கொண்டைக்கடலைச் சுண்டல், சர்க்கரை இல்லாத டீ. இரவில் இரண்டு தோசை, ஒரு கிண்ணம் கூட்டு. படுக்குமுன் சர்க்கரை போடாத பால். இந்தக் கடைசிப் பாலை விட்டுவிடாதீர்கள். ராத்திரி முழுக்கப் பட்டினி கிடந்தால் உடம்பு கொழுப்பை எரித்துக் கீட்டோன்களை உண்டாக்கும். குழந்தைக்கு அது ஆகாது.

மொத்தத்தில் அவள் சாப்பாடு குறையவில்லை என்பதைக் கவனியுங்கள். மூன்று பெரிய வேளை, இரண்டு மூன்று சின்ன வேளை. கர்ப்பத்தின் பிற்பாதியில் தினமும் சுமார் 350 கலோரி கூடுதலாக வேண்டும், சர்க்கரை இருந்தாலும் அது மாறாது. பயந்துபோய்ச் சோற்றை அடியோடு நிறுத்தும் பெண்களும் உண்டு. எண் அழகாக வரும், எடை ஏறாது, சிறுநீரில் கீட்டோன் வரும். எடை அட்டையைப் பார்க்காமல் சர்க்கரை எண்ணை மட்டும் பார்த்து "சூப்பர்மா" என்று சொல்லிவிடாதீர்கள்.

அப்புறம் அந்த நம்பிக்கைகள். கருப்பட்டி, நாட்டுச்சர்க்கரை, தேன் மூன்றும் ரத்தத்தைப் பொறுத்தவரை சர்க்கரைதான். சப்பாத்திக்கு மாறினால் போதும் என்று நான்கு சப்பாத்தி சாப்பிட்டால் லாபம் ஒன்றும் இல்லை. கேழ்வரகைக் களியாகவோ அடையாகவோ தின்பது வேறு, நீர்க்கக் கரைத்துக் கஞ்சியாகக் குடிப்பது வேறு. கஞ்சி வேகமாக ஏறும். அங்கன்வாடி சத்துமாவில் வெல்லம் சேர்ந்திருக்கிறது என்பதை அவளுக்குச் சொல்ல வேண்டியது நாம்தான்.

மாமியாரையும் உட்கார வைத்துச் சொல்லுங்கள். "ரெண்டு உசுருக்குச் சாப்பிடணும்மா" என்பது அந்த வீட்டில் அவர் குரல். அவரைத் தாண்டி எந்தச் சார்ட்டும் அடுப்பங்கரைக்குள் போகாது.

இரண்டு வாரம் போகிறது. 28-வது வாரம். வழக்கமான சாப்பாடு, முதல் கவளத்திலிருந்து கடிகாரம், இரண்டு மணி நேரம் கழித்துச் சோதனை: 134. 140-க்குக் கீழேதானே என்று விடைத்தாளில் எழுதும் பிள்ளை இந்த இடத்தில்தான் விழும். 120-ஐத் தாண்டிவிட்டது, உணவு மட்டும் போதாது. என்ன நடந்தது என்று கேட்டால், இடையில் வளைகாப்பு. தேங்காய்ச் சாதம், புளியோதரை, சர்க்கரைப் பொங்கல், அப்புறம் நேராகத் தாய்வீடு. நம் ஊரில் இது ஒரு நிரந்தரக் கண்ணி. நோய் கண்டுபிடிக்கும் வாரமும் ஏழாம் மாத வளைகாப்பும் கிட்டத்தட்ட ஒன்றாக வருகின்றன. புகுந்த வீட்டில் சொல்லிக்கொடுத்த உணவுமுறை தாய்வீட்டு அடுப்புக்குத் தெரியாது. எந்த ஊரில் பிரசவம் என்று முன்கூட்டியே கேட்டு, அங்கே உள்ள நர்ஸுக்குத் தகவல் போக வேண்டும். அவளுடைய அட்டையில் "ஜிடிஎம்" என்று தெளிவாக எழுதியிருக்க வேண்டும்.

விருந்துதான் காரணம் என்று இன்னும் இரண்டு வாரம் தள்ளலாமா? வழிகாட்டுதல் தள்ளச் சொல்லவில்லை. மருத்துவர் மெட்ஃபார்மின் அல்லது இன்சுலின் தொடங்குவார். மெட்ஃபார்மின் 20-வது வாரத்துக்குப் பிறகுதான். இன்சுலின் எப்போது வேண்டுமானாலும். இவள் மருத்துவர் இன்சுலினைத் தேர்ந்தெடுக்கிறார். 120-க்கும் 160-க்கும் இடையில் என்றால் தொடக்க அளவு 4 யூனிட், காலை உணவுக்கு அரை மணி நேரம் முன்பு, 30/70 கலவை. 160 முதல் 200 வரை 6 யூனிட், 200-க்கு மேல் 8. உணவுமுறை நிற்பதில்லை, கூடவே போகிறது.

இன்சுலினில் நடக்கும் பெரிய தவறு அளவு எழுதுவதில் இல்லை, சிரிஞ்சில். நம்மிடம் உள்ள குப்பி பெரும்பாலும் ஒரு மில்லியில் 40 யூனிட். அதற்குச் சிவப்பு மூடிச் சிரிஞ்ச். ஆரஞ்சு மூடிச் சிரிஞ்ச் 100 யூனிட் மருந்துக்கு. 40 யூனிட் மருந்தை ஆரஞ்சுச் சிரிஞ்சில் 4 கோடு இழுத்தால் உள்ளே போவது இரண்டு யூனிட்டுக்கும் குறைவு. தலைகீழாக மாறினால் இரண்டரை மடங்கு ஏறி, சர்க்கரை சரிந்து மயங்குவாள். ஊசி போட்டுவிட்டுச் சாப்பிடாமல் விட்டாலும் அதேதான். வியர்வை, நடுக்கம், படபடப்பு, 70-க்குக் கீழ் எண் என்றால் மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ் ஒரு டம்ளர் தண்ணீரில். இதை வீட்டில் இன்னொருவருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும். நடுங்கிக் கிடப்பவளால் தானே கரைத்துக் குடிக்க முடியாது.

இனி ஆபத்துகள். பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட ஒரு வாக்கியத்தைப் புரிந்துகொண்டால் மொத்தமும் அதிலிருந்து வரும்: தாயின் சர்க்கரை நஞ்சைத் தாண்டும், தாயின் இன்சுலின் தாண்டாது. டென்மார்க்கின் யோர்கன் பெடர்சன் பெயரில் வழங்கும் கருதுகோள் இதுதான். சர்க்கரை மட்டும் வந்து குவிந்தால் குழந்தையின் கணையம் தானே இன்சுலினை அள்ளி ஊற்றும். இன்சுலின் வளர்ச்சிக்கான ஹார்மோனும்கூட. தோளிலும் வயிற்றிலும் கொழுப்புச் சேரும். தலை வெளியே வந்தபின் தோள் மாட்டிக்கொள்ளும் ஆபத்து அங்கிருந்து. அந்தப் பெரிய குழந்தையால்தான் சிசேரியன், பிறப்புவழிக் கிழிசல், பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கு எல்லாம் தாய்க்குக் கூடுகின்றன. குழந்தைக்குச் சர்க்கரை அதிகமானால் சிறுநீரும் அதிகம், பனிக்குடநீர் கூடும். அதிக இன்சுலின் நுரையீரலின் சர்ஃபாக்டன்டைத் தாமதப்படுத்தும், அதனால் மூச்சுத்திணறல். தாய்க்கு ரத்த அழுத்தம் கூடி ப்ரீ-எக்லாம்ப்சியா வரலாம். கட்டுப்பாடில்லாமல் விட்டால் குழந்தை வயிற்றிலேயே இறக்கும் ஆபத்தும் உண்டு.

ஒரு பொறி: "பிறவிக் குறைபாடு" என்பதை இந்தப் பட்டியலில் யோசிக்காமல் எழுதாதீர்கள். உறுப்புகள் உருவாவது முதல் எட்டுப் பத்து வாரங்களில். 26-வது வாரத்தில் தொடங்கிய சர்க்கரை இதயத்தின் ஓட்டைக்குக் காரணமாக முடியாது. கருத்தரிக்கும் முன்பே சர்க்கரை இருந்து, யாருக்கும் தெரியாமல் போன பெண்ணுக்குத்தான் அந்த ஆபத்து. முதல் வருகையிலேயே சோதனை செய்வதன் இன்னொரு காரணமும் அதுவே.

நம் பெண்ணுக்கு எண்கள் 120-க்குள் வந்துவிட்டன. 28 வாரத்துக்கு மேல் வாரம் ஒருமுறை பார்க்கிறோம். 39-வது வாரத்தில் வலியெடுத்துச் சுகப்பிரசவம், குழந்தை 3.3 கிலோ. எடையைப் பார்த்து "எல்லாம் சரி" என்று குழந்தையை ஓரமாக வைத்துவிடக் கூடாது. தொப்புள்கொடியை வெட்டிய நொடியில் தாயின் சர்க்கரை நின்றுவிட்டது. குழந்தையின் கணையத்துக்கு அது தெரியாது, பழைய வேகத்திலேயே இன்சுலின் சுரந்துகொண்டிருக்கும். ஆரம்ப மணி நேரங்களில்தான் சர்க்கரை சரியும். அதனால் பிறந்ததும் மார்போடு அணைத்துத் தாய்ப்பால், ஒரு மணி நேரத்தில் குதிகாலில் குத்திச் சோதனை. 45-க்குக் கீழ் என்றால் குறைவு. இந்தக் குழந்தைக்கு 41. நடுக்கமில்லை, நன்றாகச் சப்புகிறது. உடனே மீண்டும் பால், ஒரு மணி நேரத்தில் மறு சோதனை: 56. பிறகு நான்கு மணி நேரத்துக்கொரு முறை, அடுத்த பாலுக்கு முன், நான்கு முறை சீராக வரும்வரை. சோம்பிக் கிடந்தாலோ, நடுங்கினாலோ, வலிப்பு வந்தாலோ பாலை நம்பிக் காத்திருக்காமல் மருத்துவரைக் கூப்பிட வேண்டும், நரம்பு வழியாக டெக்ஸ்ட்ரோஸ் தேவைப்படும். சர்க்கரைத் தண்ணீர், தேன் தொட்டு வைப்பது எதுவும் வேண்டாம்.

தாய்க்கு நஞ்சு வெளியே வந்ததும் எதிர்ப்பு ஹார்மோன்களும் போய்விட்டன. இன்சுலின் பெரும்பாலும் அன்றோடு நின்றுவிடும். அதனால்தான் அவளும் வீட்டாரும் நோய் போயிற்று என்று முடிவுகட்டுவார்கள். பிரசவத்துக்கு ஆறு வாரம் கழித்து இன்னொரு 75 கிராம் சோதனை பாக்கி இருக்கிறது. இதற்கு மட்டும் வெறும் வயிற்றில் வர வேண்டும். வெறும் வயிற்றில் 126 அல்லது இரண்டு மணி நேரத்தில் 200 தொட்டால் அது நிலையான சர்க்கரை நோய். 140-க்கும் 199-க்கும் நடுவில் என்றால் அதற்கு முந்தைய நிலை. இயல்பாக வந்தாலும் பிற்காலத்தில் டைப் 2 வரும் வாய்ப்பு அவளுக்கு அதிகம், ஆண்டுதோறும் பார்க்க வேண்டும். அடுத்த கர்ப்பத்துக்கு முன்பும் பார்க்க வேண்டும்.

தனக்காக அவள் அந்த ஆறாவது வாரம் வரமாட்டாள். குழந்தைக்காக வருவாள்: முதல் பென்டாவேலன்ட் ஊசி, போலியோ சொட்டு, ரோட்டா சொட்டு மூன்றும் அதே ஆறாவது வாரம்தான். டிஸ்சார்ஜ் அன்று குழந்தையின் தடுப்பூசி அட்டையிலேயே அந்தத் தேதிக்கு எதிரே "அம்மா வெறும் வயிற்றோடு வரவும்" என்று எழுதிக் கொடுங்கள்.